அத்தை ஸ்பாம் அனுப்பமாட்டார்

பால் கிரஹாம் என்ற அமெரிக்கப் புரோகிராமர் 2002 ஆகஸ்டில் ஸ்பாமைப் பிடிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் ஆறு மாதம்போல அவர் செய்துபார்த்தது, நாமாக இருந்தாலும் முதலில் செய்துபார்க்கிற வேலைதான். ஸ்பாம் மெயில்களைப் படிப்பது, இவற்றின் அங்க அடையாளம் என்ன என்று யோசிப்பது, ஒவ்வொரு அடையாளத்துக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதிவைப்பது. ‘கிளிக்’ என்ற சொல் இருந்தால் ஸ்பாம் என்று ஒரே ஒரு விதி போட்டாலே அவர் சேர்த்துவைத்திருந்த ஸ்பாமில் 79.7 சதவீதம் மாட்டியது. ஒரு வரி விதிக்கு இது பெரிய வேட்டை. ஆனால் நல்ல மெயில்களிலும் 1.2 சதவீதம் அதே வலையில் விழுந்தது. தினம் ஐம்பது நல்ல மெயில் வருகிற ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒன்று காணாமல் போகும் கணக்கு. மிச்சமிருக்கும் 20 சதவீத ஸ்பாமைப் பிடிக்க விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால், கூடவே நல்ல மெயில்களும் அதிகமாகச் சிக்கின.

அப்புறம் அவர் விதி எழுதுவதை விட்டுவிட்டார். நாலாயிரம் ஸ்பாம் மெயில்களை ஒரு குவியலாகவும், நாலாயிரம் நல்ல மெயில்களை இன்னொரு குவியலாகவும் வைத்தார். எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார். அவ்வளவுதான். எண்ணி முடித்ததும் பட்டியலில் மேலே வந்து நின்றவற்றில் ஒன்று `ff0000`. இது சொல்லே இல்லை. வலைப்பக்க மொழியில் பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான குறியீடு. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் எழுத்தைச் சிவப்பில் கத்தவைப்பார்கள். ஆபாசச் சொற்கள் எவ்வளவு உறுதியாக ஸ்பாமைக் காட்டிக்கொடுத்தனவோ, அதே அளவுக்கு இந்த நிறமும் காட்டிக்கொடுத்தது. ஆறு மாதம் உட்கார்ந்து விதி எழுதிய மனிதருக்கு அது தோன்றவில்லை. எண்ணிக்கைக்குத் தெரிந்துவிட்டது.

இயந்திரக் கற்றல் என்று இப்போது எல்லா இடத்திலும் பேசப்படுவதன் மிக எளிய உருவம் இதுதான். உதாரணங்களையும் அவற்றின் விடைகளையும் கொடுத்தால், வேறுபாட்டை அதுவாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ‘கண்டுபிடித்துக்கொள்கிறது’ என்பது பெரிய வார்த்தை. உள்ளே நடப்பது கூட்டலும் பெருக்கலும்தான் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணக்குச் சுலபமாக வரவேண்டும் என்பதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உங்கள் மெயில் பெட்டியிலிருந்து 100 ஸ்பாம், 100 நல்ல மெயில் எடுத்துவைத்திருக்கிறீர்கள். ‘பரிசு’ என்ற சொல் 39 ஸ்பாமில் இருக்கிறது, நல்லவற்றில் ஒன்றே ஒன்றில். ‘உடனே’ 29 ஸ்பாமில், 14 நல்ல மெயிலில். ‘வங்கி’ 23-ல், 11-ல். ‘கல்யாணம்’ ஒரே ஒரு ஸ்பாமில், 19 நல்ல மெயிலில். ‘அத்தை’ எந்த ஸ்பாமிலும் இல்லை, 9 நல்ல மெயிலில் இருக்கிறது.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் ஒரு சிக்கல். நூறு ஸ்பாமில் ஒன்றில்கூட அத்தை இல்லை என்பதால் ‘அத்தை இருந்தால் ஸ்பாமாக இருக்க வாய்ப்பே இல்லை, பூஜ்யம்’ என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? கணக்கு பெருக்கலில் போகப்போகிறது. எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம். நாளைக்கு ஒருவன் பரிசு, லாட்டரி, கோடி ரூபாய் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ‘அத்தை’ என்று ஒரு சொல்லைச் செருகினால் வடிகட்டி கதவைத் திறந்துவிடும். அதனால் எண்ணி முடித்ததும் எல்லா எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிவிடுவார்கள். இதுவரை பார்க்கவில்லை என்பதற்காக இனிமேலும் வராது என்று சொல்லமுடியாது, அதற்கு ஓர் இடம் வைப்போம் என்பது இதன் பொருள். சூரியன் இத்தனை நாள் உதித்திருக்கிறது, நாளை உதிக்காமல்போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டபோது பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் கையாண்ட முறை. இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு.

ஒன்றைக் கூட்டியபின் ‘பரிசு’ 40-க்கு 2, அதாவது ஸ்பாம் பக்கம் 20 மடங்கு. ‘உடனே’ 30-க்கு 15, இரண்டு மடங்கு. ‘வங்கி’ 24-க்கு 12, அதுவும் இரண்டு மடங்கு. ‘கல்யாணம்’ 2-க்கு 20, பத்தில் ஒரு பங்கு. ‘அத்தை’ 1-க்கு 10, அதுவும் பத்தில் ஒரு பங்கு. வடிகட்டி கற்றுக்கொண்டது மொத்தமும் இந்த ஐந்து எண்கள்தான். நிஜ வடிகட்டியில் ஐந்துக்குப் பதில் பல்லாயிரம் இருக்கும்.

இப்போது ஒரு புது மெயில் வருகிறது: ‘பரிசு பெற உங்கள் வங்கி எண்ணை உடனே அனுப்புங்கள்.’ தெரிந்த சொற்களை எடுத்துப் பெருக்கினால் 20 × 2 × 2 = 80. இது ஸ்பாமாக இருக்க 80 பங்கு, இல்லாதிருக்க ஒரு பங்கு. 81-ல் 80 என்றால் கிட்டத்தட்ட 99 சதவீதம். ஸ்பாம் பெட்டிக்குப் போ.

அடுத்த மெயில்: ‘கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. பரிசு ஒன்றும் வாங்கவேண்டாம், உடனே கிளம்பி வா, அத்தை காத்திருக்கிறார்.’ இதிலும் பரிசு இருக்கிறது, உடனே இருக்கிறது. இருபதும் இரண்டும் பெருக்கினால் நாற்பது. அங்கேயே நிறுத்தினால் இதுவும் ஸ்பாம்தான். ஆனால் கல்யாணம் அந்த நாற்பதை நாலாக்குகிறது. நாலுக்கு ஒன்று என்றால் இன்னும் 80 சதவீதம் சந்தேகம். அத்தை வந்து அதை 0.4 ஆக்குகிறார். இப்போது ஸ்பாமாக இருக்கும் வாய்ப்பு 29 சதவீதம்தான். மெயில் உள்ளே வந்துவிடுகிறது.

விதி எழுதுகிறவர் யோசித்திருக்காத விஷயம் இது. அவர் குற்றவாளியின் அடையாளங்களை மட்டுமே தேடுவார். எண்ணிக்கை இரண்டு பக்கமும் சாட்சி கேட்கிறது. கிரஹாமின் பட்டியலிலும் ஆங்கிலத்தில் ‘இன்றிரவு’, ‘போலிருக்கிறது’, ‘என்றாலும்’ மாதிரியான சாதாரணச் சொற்கள் மெயிலை நல்ல பக்கம் இழுப்பதில் பலமாக இருந்தன. நண்பர்கள் எழுதும்போது ‘போலிருக்கிறது’ என்பார்கள். விற்க வந்தவனுக்கு எதுவுமே போலிருப்பதில்லை, எல்லாமே உறுதி.

நான் மேலே போட்ட கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. அது தெரிந்தே செய்யப்படுகிற தவறு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சாட்சியாக எடுத்துக்கொண்டு பெருக்கினேன். நிஜத்தில் சொற்கள் கூட்டமாக வரும். ‘வங்கி’ வந்த இடத்தில் ‘கணக்கு’ வரும், ‘எண்’ வரும். மூன்றையும் தனித்தனியாகப் பெருக்கினால், ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு மூன்று முறை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதுபோல ஆகிவிடும். இதைக் கவலைப்படாமல் செய்வதால்தான் இந்த முறைக்கு அப்பாவி பேயிஸ் என்று பெயர். பேயிஸ் என்பது தாமஸ் பேயிஸ், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார். புதுத் தகவல் வரும்போது ஒரு சந்தேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி என்று கணக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். அப்பாவித்தனம் அவருடையது அல்ல, நம்முடையது.

ஆச்சரியம் என்னவென்றால் இந்தத் தவறு பெரும்பாலும் தீர்ப்பைக் கெடுப்பதில்லை. உண்மையில் 80 சதவீதம் சந்தேகப்படவேண்டிய மெயிலை வடிகட்டி 99.99 சதவீதம் என்று சொல்லும். எண் தவறு. ஆனால் ஸ்பாம் என்ற முடிவு சரி. பாதிக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி என்றால், எவ்வளவு மேலே என்பதில் பிசகினாலும் பரவாயில்லை. பெட்ரோ டொமிங்கோஸ், மைக்கேல் பஸ்ஸானி இருவரும் 1997-ல் இதைக் கணித ரீதியாகவே விளக்கினார்கள். நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: இந்த வகை வடிகட்டி ‘99.99 சதவீதம் உறுதி’ என்றால் அந்தத் தசமப் புள்ளிகளை நம்பவேண்டாம்.

இனி எனக்கு நடந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்கு எழுதியிருந்த மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. சன்மானத் தொகை அனுப்பவேண்டும், வங்கிக் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் உடனே தேவை என்று இரண்டே வரி. அத்தை, கல்யாணம் எதுவும் இல்லை. என்னைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை, ‘ஐயா’ என்றுதான் ஆரம்பித்திருந்தார். வடிகட்டியின் இடத்தில் நான் இருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பேன்.

இங்கே இரண்டு தவறுகளின் எடை ஒன்றல்ல என்பது வருகிறது. ஒரு ஸ்பாம் தப்பி உள்ளே வந்தால் ஒரு விரல் தட்டலில் அழித்துவிடலாம். ஒரு நல்ல மெயில் வெளியே போனால் அது போனதே தெரியாது. கிரஹாம் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் செய்தார். நல்ல மெயிலில் வந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக்கொண்டார். நல்லவர் பக்கச் சாட்சி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டு. அதோடு பாதி போதாது, பத்தில் ஒன்பது பங்கு சந்தேகம் இருந்தால்தான் ஸ்பாம் என்றும் வைத்தார். ஆயிரம் ஸ்பாமில் ஐந்துக்கும் குறைவாகவே தப்பின, நல்ல மெயில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.

இதே யோசனை அவருக்கு முன்பே, 1998-லேயே, ஆய்வுக் கட்டுரைகளாக வந்துவிட்டது. அவற்றில் ஒன்று பான்டெல், லின் இருவருடையது. அது 92 சதவீத ஸ்பாமைத்தான் பிடித்தது, நல்ல மெயிலில் 1.16 சதவீதத்தையும் சேர்த்துப் பிடித்தது. கிரஹாமுக்குக் கிடைத்த பலன் இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவரே பிறகு காரணம் தேடினார். அவர் சொன்ன காரணங்களில் முதலாவது, அவர்களிடம் இருந்த உதாரணங்கள் 160 ஸ்பாமும் 466 நல்ல மெயிலும்தான் என்பது. கணக்கு ஏறக்குறைய அதேதான், குவியல் சின்னது.

குவியல் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. குறுஞ்செய்தி ஸ்பாமைப் படிப்பதற்காக 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வெளியிட்ட ஒரு தொகுப்பு உண்டு. மொத்தம் 5574 செய்திகள். அதில் 747 ஸ்பாம், 4827 நல்லவை. இன்றைக்கும் இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் முதலில் கைவைக்கிற தொகுப்புகளில் ஒன்று. இதை வைத்து வடிகட்டி செய்த மாணவர் ‘என்னுடையது 86 சதவீதம் சரியாகச் சொல்கிறது’ என்றால் மகிழ்ந்துவிடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நல்ல செய்தி என்று சொல்கிற வடிகட்டியும் 86 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே சரியாக இருக்கும். ஸ்பாமில் எத்தனை பிடித்தது, நல்லதில் எத்தனையைக் கெடுத்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அதுவும் எண்ணிப் படித்த செய்திகளிலேயே சோதிக்காமல், முன்கூட்டியே ஒதுக்கிவைத்த, வடிகட்டி கண்ணால் பார்க்காத செய்திகளில் சோதித்துக் கேட்கவேண்டும்.

இந்தத் தொகுப்பில் இன்னொரு வேடிக்கை. நல்ல செய்திகளில் 3375 சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் சேகரித்தவை. பெரும்பாலும் சிங்கப்பூர் மாணவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பியது. ஸ்பாம் செய்திகளோ பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தவை: ரிங்டோன், பரிசு, பவுண்டு. ஆக, வாக்கியத்தின் கடைசியில் ‘லா’ என்றும் ‘லோர்’ என்றும் போடுகிற சிங்கப்பூர் ஆங்கிலம் முழுக்க நல்ல குவியலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பவுண்டு குறி பெரும்பாலும் ஸ்பாம் குவியலில். இதை எண்ணிப் படித்த வடிகட்டி, ‘லா’ போட்டுப் பேசுகிறவர்கள் யோக்கியர்கள் என்று முடிவுகட்டும். பரிசு விழுந்திருக்கிறது லா என்று ஒரு சிங்கப்பூர் மோசடிக்காரன் எழுதினால் அவனுக்கு வேண்டிய அளவு சலுகை கிடைக்கும். பிரிட்டனிலிருந்து தங்கை ‘இருபது பவுண்டு அனுப்பு’ என்று கேட்டால் அவள்மேல் சந்தேகம் விழும்.

வடிகட்டி ஸ்பாம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்வதே இல்லை. நாம் கொடுத்த இரண்டு குவியல்களும் எதில் வேறுபடுகின்றன என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. அந்த வேறுபாடு மோசடியா, ஊரா, பேச்சுவழக்கா என்று அதற்குத் தெரியாது, கவலையும் கிடையாது. இந்த ஒரு விஷயம் மனசில் இருந்தால், முகம் அறியும் கருவி முதல் கடன் விண்ணப்பத்தைச் சலித்துப்பார்க்கிற மென்பொருள் வரை, எது ஏன் பிசகுகிறது என்று பாதி ஊகித்துவிடலாம்.

தமிழில் எண்ணுவதற்குத் தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் இரண்டு மூன்று உருவத்தில் வரும். நம் ‘பரிசு’ பரிசை, பரிசுக்கு, பரிசாக, பரிசில், பரிசும், பரிசுத்தொகை என்று வேஷம் கட்டிக்கொண்டே போகும். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் புதுச் சொல். 39 என்று நான் சுலபமாகச் சொன்ன எண் நிஜத்தில் பத்து உருவங்களில் நாலு நாலாகச் சிதறிக்கிடக்கும். கிரஹாம் ஐந்து முறைக்கும் குறைவாக வந்த சொல்லைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த விதிப்படி பார்த்தால் நம் பரிசு முழுக்கத் தப்பிவிடும்.

வாலை வெட்டிவிட்டு முதல் மூன்று எழுத்தை மட்டும் எண்ணலாமே என்று தோன்றும். எண்ணலாம். ஆனால் பரிசை, பரிசாக, பரிசில் எல்லாம் மூன்றாவது எழுத்திலேயே மாறிவிடும். அதோடு ‘பரிசு’ என்று தொடங்குவதில் ‘பரிசுத்த’மும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அழைத்துப் பாதிரியார் அனுப்பும் மெயில், ‘பரிசுத்த வேதாகமம்’ என்ற இரண்டு சொல்லுக்காக இருபது மடங்கு சந்தேகத்தோடு உள்ளே நுழையவேண்டியிருக்கும். இலக்கணம் தெரிந்து வேர்ச்சொல்லைப் பிரிக்கும் மென்பொருள் ஒரு வழி. இன்னொரு வழி, எல்லாச் சொல்லையும் மூன்று நாலு எழுத்துத் துண்டுகளாக நறுக்கித் துண்டுகளை எண்ணுவது. அப்போது ‘பரிசு’ என்ற துண்டு ஒரு பக்கம் இழுத்தால் ‘சுத்த’ என்ற துண்டு மறுபக்கம் இழுக்கும், பாதிரியார் தப்பிப்பார். தமிழர்கள் பலர் ஆங்கில எழுத்தில் தமிழை ஆளுக்கொரு விதமாக அடிப்பதற்கும் இந்தத் துண்டு முறைதான் ஓரளவு ஈடுகொடுக்கிறது.

ஸ்பாம் அனுப்புகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. வயாகரா என்ற சொல்லின் நடுவில் ‘ஐ’ எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணைப் போட்டு எழுதினார்கள். விதியை ஏமாற்ற இது போதும். எண்ணிக்கையை ரொம்ப நாள் ஏமாற்றாது. வயாகரா என்று சரியாக எழுதினால் ஒரு மருத்துவர்கூட எழுதியிருக்க வாய்ப்புண்டு. நடுவில் எண்ணைப் போட்டு எழுதுகிற நல்லவர் யாரும் இல்லை. பயனர்கள் நாலு பேர் அதை ஸ்பாம் என்று குறித்ததும் அந்த உருவம் பழைய சொல்லைவிடப் பலமான சாட்சியாக ஆகிவிடும். ஒளிந்துகொள்ளப் போட்ட முகமூடியே அடையாளமாகிவிட்டது.

நாவல்களிலிருந்து நல்ல பத்திகளைக் கிள்ளி மெயிலுக்கு அடியில் ஒட்டுவது இன்னும் தந்திரமானது. இதில் இரண்டு வகைக் கெடுதல். நல்ல சொற்கள் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைக்கும், மெயில் உள்ளே வரும். பிடிபட்டாலும் அந்த நல்ல சொற்கள் ஸ்பாம் குவியலின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், நாளடைவில் நல்ல மெயில்கள் சிக்கும். கிணற்றில் விஷம் கலப்பது மாதிரி. ஆனால் திருடனுக்கு ஒரு கஷ்டம்: எனக்கு எது நல்ல சொல் என்று அவனுக்குத் தெரியாது. என் பெட்டியில் ‘அச்சுப்பிழை’யும் ‘சந்தா’வும் நல்ல சொற்கள், உங்கள் பெட்டியில் வேறு. அவரவர் மெயிலை வைத்து அவரவர் வடிகட்டியைப் பயிற்றவேண்டும் என்று கிரஹாம் சொன்னதில் இந்தப் பாதுகாப்பும் இருந்தது. சொல்லை எல்லாம் படமாக்கி அனுப்பியபோதுதான் சொல் எண்ணும் வடிகட்டிகள் உண்மையிலேயே திணறின. எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இப்போது பெரிய மெயில் நிறுவனங்கள் சொல் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. அனுப்பிய சர்வரின் பழைய நடத்தை, மெயிலில் உள்ள இணைப்புகள், நரம்பு வலைப்பின்னல்கள் என்று பல அடுக்கு. ஆனால் எல்லா அடுக்குக்கும் தீனி பழையதுதான்: யாரோ ஒருவர் இது ஸ்பாம், இது ஸ்பாம் இல்லை என்று பிரித்துக்கொடுத்த உதாரணங்கள். அந்த யாரோ பெரும்பாலும் நாம்தான். ‘ஸ்பாம் இல்லை’ என்ற பொத்தானை அழுத்தும்போது ஒரு மெயில் ஒரு குவியலிலிருந்து இன்னொரு குவியலுக்குப் போகிறது. சந்தாவிலிருந்து விலகச் சோம்பல்பட்டு, நாமே பணம் கட்டிச் சேர்ந்த பத்திரிகையின் மெயிலை ஸ்பாம் என்று அழுத்தினால் அதுவும் ஓர் உதாரணமாகத்தான் சேரும்.

அந்த ஆசிரியரின் மெயிலை நான் பார்த்தது பதினேழாம் நாள். ஜிமெயிலில் ஸ்பாம் பெட்டிக்குள் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வாரம் ஒரு முறையாவது உங்கள் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.